ஒரு லட்ச ரூபாய்ப் பங்குக்கு ஏன் நடுவரிசை?

2023 ஜூன் 13ஆம் தேதி காலை, எம்.ஆர்.எஃப் நிறுவனத்தின் ஒரு பங்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச்சந்தையில் அதுவரை எந்தப் பங்கும் ஆறு இலக்க விலையைத் தொட்டதில்லை. தொலைக்காட்சிகள் நாள் முழுக்க அதையே பேசின. 1946இல் திருவொற்றியூரில் பலூன் பொம்மை செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய கம்பெனி இது என்ற பழைய கதையும் மறுபடி வலம் வந்தது. ஒரே ஒரு பங்கு வாங்கவே ஒரு லட்சம் வேண்டும் என்றால் அது நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் மியூச்சுவல் ஃபண்ட்காரர்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அன்றைக்கு எம்.ஆர்.எஃப் லார்ஜ் கேப் அல்ல, மிட் கேப்.

கணக்கு எளியது. எம்.ஆர்.எஃப் வெளியிட்டிருக்கும் பங்குகள் மொத்தமே சுமார் 42 லட்சத்து 41 ஆயிரம். ஒன்றுக்கு ஒரு லட்சம் என்று பெருக்கினால் ஏறத்தாழ 42,400 கோடி ரூபாய். இதுதான் அந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு. லார்ஜ் கேப், மிட் கேப், ஸ்மால் கேப் என்ற பெயர்களில் வரும் 'கேப்' இந்தச் சந்தை மதிப்பைத்தான் குறிக்கிறது. ஒரு பங்கின் விலைக்கு அதில் தனியாக எந்த வேலையும் இல்லை. எம்.ஆர்.எஃப் பல பத்தாண்டுகளாகத் தன் பங்கைப் பிரிக்காமலே வைத்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விலை. நாளைக்கே ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தால் விலை பத்தாயிரமாகும், பங்குகள் நாலேகால் கோடியாகும். பெருக்குத்தொகை அதேதான்.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க யெஸ் வங்கியிடம் போகலாம். 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்றது. அப்போது சுமார் 230 கோடி பங்குகள், ஆகவே மதிப்பு 92,000 கோடி. பிறகு வாராக்கடன் வெளிவந்தது, 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட்டது, ஸ்டேட் வங்கியும் பிற வங்கிகளும் பத்து ரூபாய்க்குப் பங்கு வாங்கித் தூக்கி நிறுத்தின. அதே ஆண்டு ஜூலையில் யெஸ் வங்கி 12 ரூபாய்க்குப் புதிய பங்குகளை வெளியிட்டுப் 15,000 கோடி திரட்டியது. விலையைப் பார்த்தால் 97 சதவீதம் போய்விட்டது. ஆனால் பங்குகளின் எண்ணிக்கை 2,500 கோடியைத் தாண்டியிருந்தது. பெருக்கினால் 30,000 கோடி. அந்தச் சமயத்தில் நாட்டின் நூறாவது பெரிய கம்பெனியின் மதிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். 12 ரூபாய்ப் பங்கு பெரிய கம்பெனிகளின் வாசலில் நின்றது. மூன்று ஆண்டு கழித்து லட்ச ரூபாய்ப் பங்கு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தது. பழைய பங்குதாரருக்கு இதில் எந்த ஆறுதலும் கிடையாது. கம்பெனியின் உருவம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது, அவர் கையில் இருந்ததோ முப்பதில் ஒரு பங்காகிவிட்டது.

சரி, யார் இந்த வரிசைகளைப் போடுகிறார்கள்?

2017 வரை யாரும் போடவில்லை, அல்லது ஆளாளுக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒரு ஃபண்ட் நிறுவனம் 10,000 கோடிக்கு மேல் உள்ளதெல்லாம் பெரிய கம்பெனி என்று வைத்துக்கொள்ளும். இன்னொன்று ஏதாவது ஒரு குறியீட்டெண்ணைக் காட்டி, அதில் இருப்பவையெல்லாம் மிட் கேப் என்று சொல்லும். இதில் ஒரு வசதி இருந்தது. லார்ஜ் கேப் என்று பெயர் வைத்த திட்டத்தில் சத்தமில்லாமல் கொஞ்சம் சிறிய கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டால், சந்தை ஏறும்போது மற்ற லார்ஜ் கேப் திட்டங்களை விட அதிக லாபம் காட்டலாம். பாதுகாப்பு என்று நம்பிப் பணம் போட்டவருக்கு, தான் எவ்வளவு ஆபத்தைச் சுமக்கிறோம் என்பது சந்தை இறங்கும்போதுதான் தெரியவரும்.

அந்த ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பெனிகளையும் முழுச் சந்தை மதிப்பின்படி பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்த வேண்டும். முதல் 100 இடங்கள் லார்ஜ் கேப். 101 முதல் 250 வரை மிட் கேப். 251இலிருந்து கடைசிக் கம்பெனி வரை அத்தனையும் ஸ்மால் கேப். வரிசைப்படுத்தும் வேலை மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லா ஃபண்ட் நிறுவனங்களும் இந்த ஒரே பட்டியலைத்தான் பின்பற்ற வேண்டும்.

பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஜனவரி முதல் ஜூன் வரையிலான ஆறு மாதத்துக்கு ஒன்று, ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு ஒன்று. அரையாண்டு முடிந்த ஐந்து நாளைக்குள் வெளியிட வேண்டும் என்பது விதி, ஆகவே ஜூலை, ஜனவரி மாதங்களின் முதல் வாரத்தில் அது வந்துவிடும். கவனிக்க வேண்டியது, கடைசி நாள் மதிப்பை யாரும் எடுப்பதில்லை. ஆறு மாதச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். கம்பெனி தேசியப் பங்குச்சந்தை, மும்பைப் பங்குச்சந்தை இரண்டிலும் பட்டியலிடப்பட்டிருந்தால் இரண்டின் சராசரிகளுக்கும் ஒரு சராசரி. ஜூன் மாதக் கடைசி வாரத்தில் ஒரு பங்கைத் தூக்கிவிட்டு மேல்வரிசைக்குக் கொண்டுபோகும் வித்தை அதனால் இங்கே பலிக்காது. அரையாண்டின் நடுவில் சந்தைக்கு வந்த புதிய கம்பெனிக்கு அது வந்த நாளிலிருந்து கணக்கு. 2021 ஜூலையில் பட்டியலிடப்பட்ட சொமேட்டோ, 2022 ஜனவரியில் வந்த பட்டியலில் நேராக லார்ஜ் கேப் இடத்தில் போய் உட்கார்ந்தது. அப்போது அது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலாண்டிலாவது லாபம் காட்ட அதற்கு 2023 வரை ஆயிற்று. விற்பனை, லாபம், வயது, கடன் எதையும் இந்தப் பட்டியல் கேட்பதில்லை. பங்கு விலையையும் பங்குகளின் எண்ணிக்கையையும் பெருக்கிப் பார்ப்பதோடு அதன் வேலை முடிகிறது.

விதியில் ரூபாய்க் கணக்கே இல்லை என்பதுதான் இதில் பலர் தவறவிடும் இடம். இத்தனை கோடிக்கு மேல் என்றால் லார்ஜ் கேப் என்று செபி எங்கும் சொல்லவில்லை. வகுப்பில் ரேங்க் போடுவது போலத்தான். எண்பது மதிப்பெண் வாங்கினால் முதல் பத்துக்குள் வரலாம், அடுத்த பரீட்சையில் எண்பத்தைந்து வாங்கியும் பதினைந்தாம் இடத்துக்குப் போகலாம், மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தது.

மறுபடி எம்.ஆர்.எஃப் கணக்கை எடுத்தால் இது பளிச்சென்று தெரியும். 2023இன் முதல் அரையாண்டில் நூறாம் இடத்தில் இருந்த கம்பெனியின் சராசரி மதிப்பு சுமார் 50,000 கோடி. எம்.ஆர்.எஃப் 40,000 கோடிக்குக் கீழே. இன்னும் ஒரு பத்தாயிரம் கோடி சேர்ந்தால் மேலே போய்விடலாம் என்ற நிலை. அடுத்த ஓராண்டில் பங்கு நன்றாகவே ஏறியது. 2024 முதல் அரையாண்டில் ஒரு பங்கு சராசரியாக 1,30,000 ரூபாய்க்கு மேல் விற்றது, மதிப்பு சுமார் 56,000 கோடி ஆனது. முந்தைய ஆண்டின் கோட்டைத் தாராளமாகத் தாண்டிவிட்டது. ஆனால் அதே ஓராண்டில் சந்தையே ஏறியிருந்தது. அரசுத் துறைக் கம்பெனிகளும் மின்சாரம், ரயில்வே சார்ந்த கம்பெனிகளும் தாறுமாறாக ஏறியதில் நூறாம் இடத்தின் மதிப்பு 84,000 கோடியைத் தொட்டது. எம்.ஆர்.எஃப் நாற்பது சதவீதத்துக்கு மேல் வளர்ந்தும், கோட்டிலிருந்து முன்னை விட அதிக தூரத்தில் நின்றது.

அந்தக் கோடு நகர்ந்த வேகத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் முதல் பட்டியலுக்குப் போக வேண்டும். 2017 முடிவில் நூறாம் இடத்தின் மதிப்பு சுமார் 30,000 கோடி. 2024இன் இரண்டாம் அரையாண்டில் அது ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. அதே அரையாண்டில் 250ஆம் இடத்துக் கம்பெனியே 33,000 கோடி. அதாவது 2017இல் லார்ஜ் கேப் என்று கம்பீரமாக நின்ற ஒரு கம்பெனி, மதிப்பில் ஒரு ரூபாய்கூட இழக்காமல் அப்படியே இருந்திருந்தால், ஏழு ஆண்டில் மிட் கேப்பையும் தாண்டி ஸ்மால் கேப் வரிசைக்கு வந்திருக்கும். பழைய புத்தகத்திலோ பழைய காணொளியிலோ 'இருபதாயிரம் கோடிக்கு மேல் லார்ஜ் கேப்' என்று ஒரு எண்ணைப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

'முழுச் சந்தை மதிப்பு' என்று விதி சொல்கிறதே, அந்த 'முழு'வில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டிலேயே அருமையான உதாரணம் உண்டு.

எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என ஒரே நாளில் மூன்று ஊர்களில் கடை திறந்தது. 1969இல் அரசுடைமையானது. பிற்காலத்தில் வாராக்கடன் அழுத்தியபோதெல்லாம் மத்திய அரசு பணம் போட்டுப் புதிய பங்குகளை வாங்கிக்கொண்டே இருந்தது. அப்படியே பங்குகளின் எண்ணிக்கை 1,890 கோடியாக வீங்கியது, அரசின் கையில் 96.38 சதவீதம் சேர்ந்தது. 2024இன் முதல் அரையாண்டில் அந்தப் பங்கு சராசரியாக 60 ரூபாய்க்குச் சற்று மேலே விற்றது. 1,890 கோடியையும் 60ஐயும் பெருக்கினால் 1,13,000 கோடிக்கு மேல். அன்றைய லார்ஜ் கேப் கோடு 84,000 கோடிதான், ஆகவே ஐ.ஓ.பி. சுளையாக முதல் நூறுக்குள்.

ஆனால் அந்த 1,13,000 கோடியில் சந்தையில் கைமாறக்கூடியது அரசுக்குப் போக மீதமுள்ள 3.62 சதவீதம் மட்டும். அதன் மதிப்பு சுமார் 4,100 கோடி. ஒரு லார்ஜ் கேப் ஃபண்டிடம் 20,000 கோடி இருக்கிறது, அதில் ஒரே ஒரு சதவீதத்தை இந்தப் பங்கில் போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 கோடி. வெளியே சுற்றும் பங்குகளில் இருபதில் ஒரு பங்கை அந்த ஒரு ஃபண்டே வாங்க வேண்டியிருக்கும். வாங்கும்போதே விலை ஏறிவிடும், விற்கும்போது ஆள் கிடைக்காது. லார்ஜ் கேப் என்றால் நினைத்தபோது வாங்கலாம், நினைத்தபோது விற்கலாம் என்பதுதான் பொதுவான எண்ணம். அது இங்கே செல்லாது. இத்தனை குறைவான பங்குகள் கைமாறும்போது, விலையே எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியும் எழும். சிறிது பேர் முண்டியடித்தால் விலை ஏறும், அந்த விலையால் அரசிடம் பூட்டிக்கிடக்கும் 96 சதவீதத்தையும் பெருக்கி ஒரு லட்சம் கோடி என்று எழுதிக்கொள்கிறோம்.

பட்டியலிட்ட கம்பெனிகளில் குறைந்தது 25 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது செபியின் பொது விதி. அரசுத் துறைக் கம்பெனிகளுக்கு அவகாசம் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. ஐ.ஓ.பி.யில் அரசின் பங்கு அதன் பிறகு கொஞ்சம் குறைந்தாலும், 75க்கு வர இன்னும் வெகுதூரம்.

நிஃப்டியும் சென்செக்ஸும் இந்தக் குழியில் விழுவதில்லை. புரமோட்டர்களிடமும் அரசிடமும் இருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் சுற்றும் பங்குகளின் மதிப்பை மட்டும் வைத்துத்தான் அவை ஒவ்வொரு கம்பெனிக்கும் எடை போடுகின்றன. சென்செக்ஸ் 2003இலும் நிஃப்டி 2009இலும் இந்த முறைக்கு மாறின. ஆம்ஃபி பட்டியலிலோ முழு மதிப்புத்தான். கம்பெனி எவ்வளவு பெரியது என்பதை அளக்க அது நேர்மையான வழி. அந்தப் பங்கை வாங்கி விற்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அறிய அது உதவாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம்.

இந்தப் பெயர்கள் இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம், அவற்றின் பின்னால் பெரும் பணம் கட்டப்பட்டிருக்கிறது. லார்ஜ் கேப் ஃபண்ட் என்று பெயர் வைத்தால் குறைந்தது 80 சதவீதப் பணத்தை முதல் நூறு கம்பெனிகளில் போட வேண்டும். மிட் கேப் ஃபண்டுக்கு அந்த 150 கம்பெனிகளில் 65 சதவீதம். ஸ்மால் கேப் ஃபண்டுக்கும் தன் வரிசையில் அதே 65. ஒரு கம்பெனி வரிசை மாறினால், புதிய பட்டியலுக்கேற்ப ஒரு மாதத்துக்குள் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் 'இந்தப் பங்கு லார்ஜ் கேப்பிலிருந்து இறங்குகிறது, ஃபண்டுகள் விற்றுத் தள்ளும்' என்று தலைப்புகள் வருவதுண்டு. பெரும்பாலும் அப்படியெல்லாம் நடப்பதில்லை. லார்ஜ் கேப் ஃபண்டுக்கு 20 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 35 சதவீதம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. மிட் கேப் ஃபண்டில் நன்றாக வளர்ந்த ஒரு பங்கு முதல் நூறுக்குள் போய்விட்டால் மேலாளர் அதை அந்த 35க்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். அந்த இடம் நிரம்பிவிட்டால்தான் விற்கும் கட்டாயம். மேலும் பட்டியல் வருவதற்கு முன்பே ஆறு மாதச் சராசரியை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுவிடலாம். தரகு நிறுவனங்கள் டிசம்பரிலும் ஜூனிலும் யார் ஏறுவார், யார் இறங்குவார் என்று உத்தேசப் பட்டியல் போட்டு அனுப்பிவிடுகின்றன. அதிகாரபூர்வப் பட்டியல் வரும் நாளில் ஆச்சரியம் எதுவும் மிச்சமிருப்பதில்லை.

ஆச்சரியம் உண்மையிலேயே வந்தது 2020இல். செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை, சந்தை மூடிய பிறகு, செபி இன்னொரு சுற்றறிக்கை விட்டது. மல்ட்டி கேப் ஃபண்டுகள் எல்லா அளவுக் கம்பெனிகளிலும் போடுவதாகப் பெயர் வைத்துக்கொண்டு முக்கால்வாசிப் பணத்தை லார்ஜ் கேப்பிலேயே வைத்திருந்தன. இனி லார்ஜ், மிட், ஸ்மால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், 2021 ஜனவரிக்குள் சரிசெய்ய வேண்டும் என்றது செபி. அந்த ஃபண்டுகளிடம் இருந்த பணம் சுமார் ஒன்றரை லட்சம் கோடி. 30,000 கோடிக்கு மேல் சிறிய கம்பெனிகளை நோக்கிப் பாய வேண்டும் என்று வார இறுதி முழுக்கக் கணக்குப் போட்டார்கள். பதற்றத்தைத் தணிக்க ஞாயிற்றுக்கிழமையே செபி ஒரு விளக்கம் தந்தது. பலிக்கவில்லை. திங்கள்கிழமை ஸ்மால் கேப் குறியீட்டெண் ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்தக் கம்பெனிகளின் தொழிலில் அந்த மூன்று நாளில் எதுவும் மாறியிருக்கவில்லை.

ஃபண்ட் நிறுவனங்கள் முறையிட்டன. நவம்பரில் செபி ஃப்ளெக்சி கேப் என்று ஒரு புதிய வகையை அனுமதித்தது. அதில் எந்த வரிசையில் எவ்வளவு என்ற கட்டாயம் கிடையாது. பல மல்ட்டி கேப் ஃபண்டுகள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு பழையபடி நடந்தன. இன்றைக்கும் ஃபண்ட் வாங்குபவர் பலருக்கு மல்ட்டி கேப்புக்கும் ஃப்ளெக்சி கேப்புக்கும் என்ன வித்தியாசம் என்று புரிவதில்லை. வித்தியாசம் இவ்வளவுதான்: முந்தையதில் உங்கள் பணத்தில் கால்வாசியாவது எப்போதும் ஸ்மால் கேப்பில் இருந்தே தீரும், பிந்தையதில் அது மேலாளர் இஷ்டம்.

இனி அந்த மூன்றாம் வரிசை. மூன்று பெயர்களில் அதிகம் ஏமாற்றுவது ஸ்மால் கேப்தான். முதல் வரிசையில் நூறு பேர், இரண்டாவதில் நூற்றைம்பது பேர், மூன்றாவதிலோ ஆயிரக்கணக்கானோர். 2024 முடிவில் 251ஆம் இடத்தில் 33,000 கோடி மதிப்புள்ள, நாடு முழுக்கத் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் கம்பெனி இருக்கலாம். பட்டியலின் அடியில் சில கோடி ரூபாய் மதிப்புள்ள, மாதத்துக்கு நாலைந்து முறை மட்டும் பங்கு கைமாறும் கம்பெனி இருக்கும். இரண்டுக்கும் சட்டப்படி ஒரே பெயர். 2024 அக்டோபர் 29 அன்று எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற கம்பெனியின் பங்கு 3 ரூபாய் 53 காசிலிருந்து ஒரே நாளில் 2,36,250 ரூபாய்க்குத் தாவியது. ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த முதலீட்டுக் கம்பெனி அது, அதன் பங்கை யாரும் பழைய விலைக்கு விற்க முன்வராததால் சிறப்பு ஏலம் நடத்தி உண்மையான விலையைக் கண்டுபிடித்தார்கள். மொத்தமே இரண்டு லட்சம் பங்குகள். அதாவது முதல் நாள் வரை அந்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு ஏழு லட்ச ரூபாய், ஒரு பழைய காரின் விலை. மறுநாள் 4,725 கோடி. எம்.ஆர்.எஃப் பங்கை விட விலை உயர்ந்த பங்கு என்று செய்தியானது. முன்பும் ஸ்மால் கேப், பின்பும் ஸ்மால் கேப்.

இந்த வரிசையில் ஃபண்டுகளின் பணம் குவியும்போது சிக்கல் விற்கும் நேரத்தில் வருகிறது. 2018இல் நிஃப்டி சுமார் 3 சதவீதம் ஏறியது, அதே ஆண்டில் நிஃப்டி ஸ்மால் கேப் 100 குறியீட்டெண் 29 சதவீதம் போல விழுந்தது. பெரிய கம்பெனிப் பங்கு வைத்திருந்தவருக்கு அது சாதாரண ஆண்டு. சிறிய கம்பெனிப் பங்கு வைத்திருந்தவர் சரிவை மட்டுமே பார்த்தார். 2023இல் மறுபடி ஸ்மால் கேப் ஃபண்டுகளில் பணம் கொட்டியபோது செபி முன்னெச்சரிக்கையாக ஒரு கேள்வி கேட்டது: முதலீட்டாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து பணத்தைக் கேட்டால், உங்கள் கையில் இருக்கும் பங்குகளில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும்? கால்வாசியை விற்க எத்தனை நாள்?

2024 மார்ச் 11ஆம் தேதி அப்போதைய செபி தலைவர் மாதவி புரி புச், சிறிய, நடுத்தரக் கம்பெனிப் பங்குகளில் ஆங்காங்கே நுரை பொங்குவதாக வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஸ்மால் கேப் குறியீட்டெண் ஒரே நாளில் சுமார் 5 சதவீதம் சரிந்தது. அந்த வாரமே ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் விடைகளை வெளியிட்டன. சில பெரிய ஸ்மால் கேப் ஃபண்டுகளுக்குப் பாதியை விற்க ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும் என்று தெரிந்தது. அதுவும் விற்கச் சிரமமான பங்குகளை ஓரளவு கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு. லார்ஜ் கேப் பங்குகளில் பெரும்பாலானவற்றை இந்த அளவுக்கு விற்பது சில நாள் வேலை. அன்றிலிருந்து ஒவ்வொரு மிட் கேப், ஸ்மால் கேப் ஃபண்டும் இந்த நாள் கணக்கை மாதாமாதம் வெளியிட்டு வருகிறது. ஃபண்டின் பெயரில் உள்ள 'கேப்'பை விட இந்த ஒரு எண் பல விஷயங்களைச் சொல்லும். ஆனால் விளம்பரத்தில் அது இடம் பெறுவதில்லை, தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

வரிசைப் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆம்ஃபியின் இணையதளத்தில் அது எக்செல் கோப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரி. மும்பைச் சந்தையில் ஆறு மாதச் சராசரி மதிப்பு, தேசியச் சந்தையில் சராசரி, இரண்டும் சேர்ந்த சராசரி, கடைசியில் வரிசையின் பெயர். கையில் இருக்கும் பங்கு லார்ஜ் கேப்பா மிட் கேப்பா என்று பார்ப்பதோடு நிற்காமல், அது எத்தனையாவது இடம் என்பதையும் பார்த்தால் நல்லது. 98ஆம் இடத்துக் கம்பெனிக்கும் 104ஆம் இடத்துக் கம்பெனிக்கும் பெயர் வேறு, தன்மை ஒன்றே. 260ஆம் இடத்துக்கும் 1,900ஆம் இடத்துக்கும் பெயர் ஒன்று, தன்மை வேறு. அதோடு கம்பெனி காலாண்டுதோறும் வெளியிடும் பங்குதாரர் விவரத்தில் புரமோட்டர் கையில் எவ்வளவு என்று பார்த்து, அதைக் கழித்தால், ஐ.ஓ.பி. போன்ற பங்குகள் உடனே அடையாளம் தெரிந்துவிடும்.